வெறும் வயிற்றில் 93: ஒரு சிறுமியின் சர்க்கரையைத் தவறவிட்ட கதை

பெரம்பூரிலிருந்து எங்களிடம் வரும் ஒரு சிறுமியைப் பற்றியது இது. அப்பா, அம்மா இருவரும் சேர்ந்து இட்லி மாவுக் கடை நடத்துகிறார்கள். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு கத்திரி வெயில் காலத்தில், உடம்பிலிருந்த உப்பெல்லாம் வியர்வையில் போய் துவண்ட நிலையில் கொண்டுவந்தார்கள். "முத்தம் கொடுத்தா வாய் உப்புக் கரிக்குது டாக்டர்" என்று அவள் பாட்டி சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு. வியர்வைச் சோதனையில் குளோரைடு 96. 60-ஐத் தாண்டினாலே, நுரையீரலிலும் கணையத்திலும் சுரக்கும் நீர் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் பிறவி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்தான்.

அதன் பிறகு பதின்மூன்று வருடம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். தினமும் நெபுலைசர், முதுகில் தட்டிச் சளி எடுப்பது, ஒவ்வொரு சாப்பாட்டோடும் கணைய நொதி காப்ஸ்யூல், வெயில் காலத்தில் கூடுதல் உப்பு. போன ஜூலையில் 14 வயதில் வந்தபோது எடை 34 கிலோ. ஒன்றரை வருடத்துக்கு முன்னும் கிட்டத்தட்ட அதே எடைதான். இடையில் உயரம் மட்டும் ஆறு சென்டிமீட்டர் கூடியிருந்தது. ஊதும் சோதனையில் முதல் நொடியில் வெளிவரும் காற்று, அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 88 சதவீதமாக இருந்தது 76-க்கு இறங்கியிருந்தது.

நாங்கள் முதலில் நினைத்தது தொற்று. சளியை வளர்த்துப் பார்த்ததில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருந்தது. ஆனால் அது இரண்டு வருடமாகவே இருக்கிறது. ஆண்டிபயாடிக்கை மாற்றினோம். மலத்தில் எண்ணெய் மிதக்கிறதா என்று கேட்டுவிட்டு நொதியின் அளவையும் கூட்டினோம். இரண்டு மாதம் போனது, எடை 100 கிராம்கூட ஏறவில்லை.

சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்கலாம். பார்த்தோம். அப்பா ஒரு ரிப்போர்ட்டையும் நீட்டினார். வீட்டுக்குப் பக்கத்து லேபில் வெறும் வயிற்றில் எடுத்தது 93. மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 5.7. "சுகர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்றார். தாத்தாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை இருப்பதால் அந்த வீட்டில் இந்த எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 93 என்றால் அவர்களுக்கு நிம்மதி. சொல்லப்போனால் எனக்கும் ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதி ஏன் தப்பு என்று சொல்வதற்கு முன் கணையத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை நுரையீரல் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள், ஆனால் பெயர் வந்தது கணையத்திலிருந்து. 1938-இல் டோரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்த குழந்தைகளின் கணையத்தில் நீர்க்கட்டிகளும் நார்த் தழும்புகளும் இருப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. உப்பையும் நீரையும் செல்களுக்கு வெளியே விடும் புரதம் சரியாக வேலை செய்யாததால், கணையத்தின் குழாய்களில் சுரக்கும் நீர் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. சோற்றையும் எண்ணெயையும் செரிக்கவேண்டிய நொதிகள் குடலுக்குப் போய்ச்சேராமல் கணையத்தையே அரிக்கின்றன. வருடங்கள் போகப் போக அங்கே நாரும் கொழுப்பும் நிறைகின்றன. நடுவே தீவு தீவாக இருக்கும் இன்சுலின் செல்கள் அதில் மாட்டி நசுங்குகின்றன.

முதல் வகைச் சர்க்கரை நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இந்தச் செல்களைத் தாக்கி அழிக்கிறது, இங்கே அப்படி நடப்பதில்லை. கொஞ்சம் செல்கள் மிஞ்சியிருக்கும். அதனால் கீட்டோன் ஏறி மயங்கி விழுவதெல்லாம் இவர்களிடம் அபூர்வம். தாத்தாவுக்கு வந்த இரண்டாம் வகையும் இல்லை. தொற்று வரும்போதும் ஸ்டீராய்டு கொடுக்கும்போதும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது இவர்களிடமும் உண்டு, ஆனால் மூல காரணம் சுரப்பே குறைந்துபோனதுதான். அதனால் இது தனி வகையாகவே கணக்கில் வருகிறது.

மிஞ்சியிருக்கும் செல்களுக்கு ஒரு குணம் உண்டு. இரவு முழுக்கத் தூங்கி எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல் இருக்கும்போது கல்லீரலை அடக்கிவைக்கத் தேவையான சொற்ப இன்சுலினை அவை சுரந்துவிடும். சாப்பிட்ட முதல் சில நிமிடங்களில் சட்டென்று கொட்ட வேண்டிய இன்சுலின் மட்டும் வராது. தாமதமாக, கொஞ்சமாக வரும். வெறும் வயிற்றில் எடுத்தால் 93 வருவது இதனால்தான். மளிகைக் கடையில் காலை ஆறு மணிக்கு ஒருவர் மட்டும் நிற்கும்போது கல்லாவில் கணக்கு சரியாக இருந்தது என்பதை வைத்து, தீபாவளிக்கு முந்தின நாள் மாலைக் கூட்டத்தை அந்தக் கடைப் பையன் சமாளிப்பானா என்று சொல்ல முடியாது.

எச்பிஏ1சியும் இங்கே கைவிடும். அது சராசரி. சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் ஏறி, மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக இருக்கும் சர்க்கரை, சராசரியில் கரைந்துவிடும். அதோடு நாள்பட்ட அழற்சியால் இவர்களின் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து புதிதாக உண்டாகக்கூடும். சர்க்கரை ஒட்டிக்கொள்ளக் கிடைக்கும் நாட்கள் குறைவதால் எண் இறங்கித் தெரியும். 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால் நம்பலாம், நோய் இருக்கிறது. 5.7 வந்தால் அதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அங்குள்ள சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எச்பிஏ1சியை இந்த நோயில் சலித்தெடுக்கும் சோதனையாக வைக்க வேண்டாம் என்றும், பத்து வயதிலிருந்து வருடா வருடம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நாங்கள் வருடா வருடம் பார்த்தோமா? பழைய ஃபைலைப் புரட்டியபோது எனக்கு முகம் தொங்கிவிட்டது.

11 வயதில் ஒரு முறை சரியாக நடந்திருக்கிறது. வெறும் வயிற்றில் 86, ஒரு மணி நேரத்தில் 172, இரண்டு மணி நேரத்தில் 124. நல்ல எண்கள். 12 வயதில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்த பத்தாவது நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று எழுதியிருந்தது, கையெழுத்து என்னுடையது. 13 வயதில், நவம்பர் மழையில் நெஞ்சுத் தொற்றோடு இரண்டு வாரம் வார்டில் இருந்தாள். சேர்ந்த முதல் நாள் சாப்பிட்ட பிறகு 228, 211 என்று இரண்டு முறை வந்திருக்கிறது. மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டது. நோய் கடுமையாக இருக்கும்போது வரும் சர்க்கரை 48 மணி நேரத்துக்கு மேலும் தொடர்ந்தால்தான் அதை நீரிழிவு என்று எழுதுவது வழக்கம். ஆகவே அப்போது எழுதாமல் விட்டது சரி. ஆனால் உடம்பு தேறியதும் கூப்பிட்டுச் சோதனை செய்திருக்க வேண்டும். எங்கள் பழக்கம் ஆறு வாரம் கழித்துக் கூப்பிடுவது. ஆறாவது வாரம் அவளுக்கு அரையாண்டுத் தேர்வு. அப்புறம் பொங்கல். அப்புறம் யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரு நல்ல முடிவை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறோம். இந்த நோயில் அது செல்லாது. பத்து வயதுக்குக் கீழே நீரிழிவு அரிது. பதின்வயதில் ஐந்தில் ஒருவருக்கு, பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வந்துவிடுகிறது. வளரும் வயதுதான் செங்குத்தான ஏற்றம். அதோடு இந்தக் கோடு நேராகவும் போகாது. ஒரு வருடம் சற்று கெட்டிருக்கும், மறு வருடம் சரியாகிவிடும், அதற்கடுத்த வருடம் மறுபடி ஏறும். ஒரு சோதனை அந்த வருடத்துக்கான பதிலை மட்டும்தான் தரும்.

சரி, செப்டம்பரில் சோதனை. அப்போது அவளுக்குக் காய்ச்சல் இல்லை, சளி வழக்கமான அளவுதான், ஸ்டீராய்டும் இல்லை. முந்தின மூன்று நாளும் சோறு, இட்லி எல்லாம் வழக்கம்போலச் சாப்பிடச் சொல்லியிருந்தோம். சோதனைக்குப் பயந்து மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு, அப்படி வந்தால் எண்கள் குழம்பும். முந்தின இரவு பத்து மணிக்குச் சாப்பாடு, பிறகு தண்ணீர் மட்டும். காலை ஏழு மணிக்கு முதல் ரத்தம்.

குளுக்கோஸ் அளவில்தான் எங்கள் வார்டில் தப்பு நடக்கப் பார்த்தது. கடையில் கிடைப்பது 75 கிராம் பாக்கெட். பெரியவர்களுக்கு அப்படியே கரைத்துக் கொடுப்பது வழக்கம், நர்ஸும் அதைத் தண்ணீரில் கரைத்து 300 மில்லி ஆக்கிவிட்டார். குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75. இவள் 34 கிலோ, ஆக 59.5 கிராம். கரைத்ததைக் கொட்ட வேண்டியதில்லை. 300 மில்லியில் 75 கிராம் என்றால், 59.5 கிராமுக்கு 238 மில்லி. அளந்து ஊற்றிக் கொடுத்தோம். ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஆக்கி, ஐந்து நிமிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னோம், இந்த முறை வாந்தி வரவில்லை. நொதி காப்ஸ்யூல் கொடுக்கட்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம், வெறும் குளுக்கோஸைச் செரிக்க ஒன்றும் தேவையில்லை, அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம், இது சென்னை போன்ற ஊருக்கு முக்கியம். எடுத்த ரத்தத்திலுள்ள செல்கள் குழாய்க்குள் இருந்துகொண்டே குளுக்கோஸைத் தின்னும். சாதாரணக் குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். வெயிலில் இன்னும் வேகம். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய், ஆனால் ஃபுளோரைடும் போட்ட கையோடு வேலை செய்யாது, பிடிக்கக் கொஞ்ச நேரமாகும். ஆகவே ஐஸில் வைத்து உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும். 216 இருக்கும் ரத்தம் சாதாரணக் குழாயில் இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்தால் 194 ஆகிவிடலாம். எல்லைக்கோடு 200. நோய் இருக்கிறது, இல்லை என்பதே மாறிப்போகும்.

முடிவு வந்தது. வெறும் வயிற்றில் 93, ஒரு மணி நேரத்தில் 254, இரண்டு மணி நேரத்தில் 216. பக்கத்து லேபில் வந்த அதே 93, ஒரு எண்கூட மாறவில்லை. இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. தாகம், அடிக்கடி சிறுநீர் என்று வெளிப்படையான அறிகுறி எதுவும் இல்லாததால் இன்னொரு நாள் உறுதிசெய்ய வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்தோம். 95, 247, 209.

140-க்கும் 200-க்கும் இடையே வந்திருந்தால் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு என்று மட்டும் எழுதியிருப்போம். இடையில் ஒரு மணி நேரத்தில் மட்டும் 200-ஐத் தாண்டி, இரண்டாவது மணியில் 140-க்குக் கீழே இறங்கிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீரிழிவு இல்லை, ஆனால் வரப்போகிறவர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். அதனால்தான் ஒரு மணி ரத்தத்தையும் விடாமல் எடுக்கிறோம்.

எண்களைக் காட்டிய பிறகு அம்மா ஒன்று சொன்னார். "பதினோரு மணிக்கு ஸ்கூல்ல கை நடுங்குதுன்னு சொல்வா டாக்டர். வேர்த்துக் கொட்டி, பசி தாங்காம டப்பாவைத் திறந்துடுவாளாம். பசிதானேன்னு விட்டுட்டேன்." எட்டரைக்குச் சாப்பிட்ட இட்லிக்கு வரவேண்டிய இன்சுலின் பத்து மணிக்கு மேல் வந்தால் அப்போது குடலில் மாவுச்சத்து தீர்ந்திருக்கும், சர்க்கரை கீழே போய்விடும். நீரிழிவு வராத சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிள்ளைகளிடமும் இது உண்டு, எனவே அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. ஆனாலும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எடை ஏன் நின்றது, நுரையீரல் ஏன் இறங்கியது என்பதற்கு இப்போது ஒரு விடை இருந்தது. இன்சுலின் என்றால் சர்க்கரையை இறக்கும் மருந்து என்றே நமக்குப் பழகிவிட்டது. அதன் இன்னொரு வேலை உடம்பைக் கட்டுவது. தின்ற புரதத்தைத் தசையாக்குவதும், இருக்கும் தசை கரையாமல் காப்பதும் அதுதான். அது குறையும்போது, நாளைக்கு ஆறு வேளை சாப்பிட்டாலும் சதை பிடிக்காது. மூச்சுத் தசையும் அதில் சேர்த்திதான். இன்னொரு பக்கம், ரத்தத்தில் சர்க்கரை சுமார் 144-ஐத் தாண்டினால் மூச்சுக்குழாயின் ஈரப்படலத்திலும் அது கசிகிறது. அங்கே குடியிருக்கும் சூடோமோனாஸுக்கு அது தீனி. நீரிழிவு என்று பெயர் சூட்டுவதற்கு இரண்டு, நான்கு வருடம் முன்பிருந்தே எடையும் மூச்சும் இறங்கத் தொடங்குவதைப் பல நாட்டு மையங்கள் கண்டிருக்கின்றன. தாத்தாவின் சர்க்கரையில் நாம் பயப்படுவது கண், சிறுநீரகம், கால். இவளிடம் முதலில் போவது எடையும் மூச்சும். வருடா வருடம் தேடுவது அதற்காகத்தான். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மையம், வருடாந்தரச் சோதனையும் சீக்கிரம் தொடங்கிய இன்சுலினும் வந்த பிறகு நீரிழிவு உள்ளவர்களின் இறப்பு வெகுவாகக் குறைந்ததை 2009-இல் வெளியிட்டது.

நோய் உறுதியான பத்தாவது நாள் வந்தார்கள். எடை 800 கிராம் குறைந்திருந்தது. விசாரித்ததில், தாத்தாவின் டயட் சார்ட் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து இவளுக்கும் இடம்பெயர்ந்திருந்தது. அரிசி பாதி, வாழைப்பழம் கிடையாது, நெய் கிடையாது, ராத்திரி இரண்டு கோதுமைத் தோசை. பாசத்தில் செய்ததுதான். சர்க்கரை என்றால் வாயைக் கட்ட வேண்டும் என்பது சென்னையில் வீட்டுக்கு வீடு ஊறிப்போன அறிவு, அதை ஒரு நாளில் மாற்ற முடியாது. நான் பாட்டியையும் தாத்தாவையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னேன்: சாப்பாட்டைக் குறைத்தால் எண் அழகாகும், பிள்ளை கரைந்துபோவாள். இவளுக்கு நெய்யும் வேண்டும், சோறும் வேண்டும், உப்பும் வேண்டும். குறைக்க வேண்டியது பாட்டில் குளிர்பானம் மாதிரி, சத்தில்லாமல் சர்க்கரையை மட்டும் கொட்டும் சரக்கு. சாப்பாட்டுக்குத் தகுந்த இன்சுலினை நாம் வெளியிலிருந்து கொடுப்போம்.

"மாத்திரை போதாதா டாக்டர், எனக்கு மாத்திரைதானே?" என்றார் தாத்தா. நியாயமான கேள்வி. உடம்பு இன்சுலினைக் கேட்க மறுப்பவர்களுக்கான மாத்திரை இங்கே பயன்படாது, இவளிடம் சரக்கே குறைவு. கணையத்தைத் தூண்டிச் சுரக்கவைக்கும் ரெபாக்ளினைடு என்ற மாத்திரையை இந்த நோயாளிகளிடமே இன்சுலினோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள். எடை சில காலம் ஏறி, பிறகு நின்றுவிட்டது. இன்சுலின் போட்டவர்களுக்கு நிலைத்தது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருப்பதால் இரவு முழுக்க நிற்கும் இன்சுலின் இவளுக்கு இப்போதைக்கு வேண்டாம். சாப்பிடுவதற்குச் சற்று முன் போடும் வேகமான வகை மட்டும், 15 கிராம் மாவுச்சத்துக்கு அரை யூனிட் என்று தொடங்கினோம். உணவியல் நிபுணர் அவர்கள் கடை மாவில் வார்த்த இட்லியை எடை போட்டுப் பார்த்து, ஒன்றுக்குச் சுமார் 12 கிராம் மாவுச்சத்து என்று வைத்தார். ஐந்து இட்லிக்கு 60 கிராம், ஆக 2 யூனிட். அம்மா இந்தக் கணக்கை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். மாவு விற்கிறவருக்குக் கிலோவும் கிராமும் புதிதில்லை. இந்த அளவு இவளுக்கானது. வேறொரு பிள்ளைக்கு இதே எண் பொருந்தாது.

மூன்றாம் வாரம் ஒரு முறை சர்க்கரை 62-க்குப் போனது, பி.டி. பீரியடில். மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு விளையாடப் போயிருந்தாள், ஊசி முழுச் சோற்றுக்குப் போட்டது. பையில் குளுக்கோஸ் பவுடர் இருந்ததால் சமாளித்தார்கள். அதன் பிறகு விளையாட்டு இருக்கும் நாளில் அரை யூனிட் குறைத்தோம், அரை யூனிட் அளவு வைக்க முடிகிற பேனா ஊசியாகப் பார்த்து வாங்கச் சொன்னோம். சாக்லேட் கொடுத்துத் தேற்ற வேண்டாம் என்றும் சொல்லிவைத்தோம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆறு மாதத்தில் எடை 38.2 கிலோ. ஊதும் சோதனை 76-லிருந்து 81. பழைய 88-க்குத் திரும்பவில்லை, திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. அதே காலத்தில் ஆண்டிபயாடிக்கையும் மாற்றியிருந்தோம், எனவே இந்த ஐந்து புள்ளி முழுக்க இன்சுலினால் வந்தது என்று சொல்ல மாட்டேன். எடை விஷயத்தில் எனக்கு அவ்வளவு சந்தேகமில்லை. வேடிக்கை என்னவென்றால் எச்பிஏ1சி 5.7-இலிருந்து 5.5-க்கு மட்டுமே இறங்கியது. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த ஆறு மாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றியிருக்கும்.

எங்கள் பிரிவில் இரண்டு விஷயம் மாறியது. சோதனையைப் பிறந்த மாதத்தோடு கட்டிவிட்டோம், பத்தாவது பிறந்தநாளிலிருந்து. வாந்தி, தேர்வு, தொற்று எதனால் நின்றாலும் பதிவேட்டில் 'செய்யவில்லை' என்று சிவப்பில் எழுதி, அடுத்த தேதியைப் பக்கத்திலேயே போட வேண்டும். 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று எழுத எனக்கு இப்போது அனுமதியில்லை, நர்ஸின் உத்தரவு.

இவளுக்கு இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகை, வீட்டில் விரல் நுனிச் சோதனை. ஐந்து வருடம் ஆனதும் கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் புரதத்தையும் வருடா வருடம் பார்க்கத் தொடங்குவோம். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தச் சர்க்கரைத் தண்ணி இனிமே குடிக்க வேண்டாம்தானே டாக்டர்?"

வேண்டாம். நோய் உறுதியான பிறகு அந்தச் சோதனைக்கு வேலையில்லை. பதிவேட்டில் அவள் பெயரை அவளையே அடிக்கச் சொன்னேன். ஸ்கேல் கேட்டு வாங்கி நேராகக் கோடு போட்டாள்.